மாரியம்மன் கோவில் தெருச் சாலையைச் சீரமைக்கக் கோரும் மனு

நகராட்சி ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த நான், கடந்த திங்களன்று அளித்த மனுவில் ஊழியர்களை இழிவாக எழுதிய சொற்களைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் சாலை குறித்த குறை அப்படியே உள்ளது.

குடிநீர்க் குழாய் பதிக்க ஜூன் மாதம் தோண்டிய பள்ளத்தை மண்ணால் மட்டுமே மூடியதால், மழைக்குப் பின் ரேஷன் கடை முதல் அங்கன்வாடி வரை சுமார் 60 மீட்டருக்குத் தார் பெயர்ந்து, ஓரிடத்தில் முழங்கால் ஆழக் குழி விழுந்துள்ளது. தேங்கிய நீரில் குழி தெரியாமல் இம்மாதம் மூவர் இருசக்கர வாகனத்துடன் விழுந்தனர்; ஒருவருக்குக் கை முறிந்தது. குழந்தைகள் தினமும் இவ்வழியே நடப்பதுதான் எங்களை மிகவும் அச்சுறுத்துகிறது.

எனவே குழியை உடனே ஜல்லியிட்டு இறுக்கி மூடவும், தார் போடும் தேதியை 15 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் கோருகிறேன். தவறினால், தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005-இன் கீழ் இப்பணியின் ஒப்பந்த ஆவணங்களைக் கேட்பேன். ஆறு புகைப்படங்களை இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தெருவாசிகள் 14 பேர் சார்பில் மனுதாரர்