பெயர் எழுதாத சீட்டுகளுக்கு என் பதில்

அனைவருக்கும் வணக்கம்.

நம் தேயிலைத் தொழிற்சாலை வேலையைப் பற்றிப் பெயர் எழுதாமல் கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தேன். பெட்டியில் போட்ட சீட்டுகள், கைபேசி வழியாக வந்த பதில்கள் எல்லாவற்றையும் படித்துவிட்டேன். மனம்விட்டு எழுதியதற்கு நன்றி. கடுமையாக எழுதியவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இரண்டு மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் பகுதியில் பெயர் இல்லாவிட்டாலும் ஆளைக் கண்டுபிடித்துவிட முடியுமே என்று ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். அது நியாயமான கவலை. யார் எழுதியது என்று நான் தேடவில்லை. மேற்பார்வையாளர்களும் யாரையும் கேட்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். கையால் எழுதிய சீட்டுகளை என்னைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. அவற்றின் பொருளைக் குறித்துக்கொண்டு கிழித்துவிட்டேன். இங்கே வருவதும் உங்கள் வாசகங்கள் அல்ல, என் சொற்கள். அடுத்த முறை எந்தப் பகுதியில் வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வியே இருக்காது.

கருத்துக் கேட்பதோடு எல்லாம் நின்றுவிடுகிறது என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். உண்மைதான். சலிக்கும் பகுதியில் பறக்கும் தேயிலைத் தூசியைப் பற்றிச் சென்ற ஆண்டே சொன்னீர்கள்; இன்றும் அங்கே நின்றால் இருமல் வருகிறது. திங்கட்கிழமை முதல் அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் நல்ல முகக்கவசம் கிடைக்கும். துணியை முகத்தில் கட்டிக்கொண்டு யாரும் வேலை செய்ய வேண்டாம். தூசியை இழுத்து வெளியேற்றும் விசிறிக்கு விலை கேட்டிருக்கிறோம். பணம் ஒப்புதலானதும் தேதியைச் சொல்கிறேன். அதுவரை தேதி சொல்லி ஏமாற்ற விரும்பவில்லை.

இரவு ஷிப்டுக்கு வர வேண்டும் என்று அன்று மாலைதான் தெரிகிறது என்ற குறைதான் அதிகம் வந்தது. மழை பெய்து இலை குவியும் மாதங்களில் கொய்த இலையைச் சாக்கிலேயே வைத்திருந்தால் சூடேறிச் சிவந்துவிடும், உடனே வாட்டும் தொட்டியில் பரப்பியாக வேண்டும். இது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இலை எவ்வளவு வரும் என்பது தெரியாது என்பதற்காக, குழந்தையை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று ஒரு தாய் கடைசி நேரத்தில் அலைய வேண்டியதில்லை. இனி வாரப் பட்டியல் சனிக்கிழமை ஒட்டப்படும். அதற்குப் பிறகு ஆள் தேவைப்பட்டால் விருப்பம் கேட்போம். முடியாது என்று சொல்பவரிடம் காரணம் கேட்க மாட்டோம்.

இரவு வேன் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிடுவதைப் பற்றி எழுதியதைப் படித்து உண்மையிலேயே கலங்கிப்போனேன். கோத்தகிரிப் பக்கம் இருட்டிய பின் கரடியும் காட்டெருமையும் தேயிலைத் தோட்டத்துக்குள் நிற்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததே. மூடுபனியில் பத்தடி தூரம்கூடத் தெரியாது. அந்தப் பாதையில் ஒரு பெண் தனியாக நடந்து போயிருக்கிறார் என்றால் அது உடனே நிற்க வேண்டும். இன்று இரவு முதல் வேன் குடியிருப்பு வரை போகும். பாதை குறுகி வேன் போக முடியாத இடங்களில் ஓட்டுநரோ உதவியாளரோ டார்ச்சுடன் வீட்டு வாசல் வரை வருவார். அப்படி நடக்காவிட்டால் மறுநாள் வரை காத்திருக்காமல் அந்த இரவே என்னை அழையுங்கள்.

ஹெத்தையம்மன் பண்டிகைக்கும் கிறிஸ்துமஸுக்கும் கேட்ட விடுப்பு கடைசி நேரத்தில் மறுக்கப்படுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அது பனி விழுந்து இலை குறையும் காலம், அப்போது விடுப்புத் தருவதில் சிரமம் இல்லை. நவம்பர் முடிவதற்குள் கேட்டவர்களுக்கு ஒரு வாரத்தில் எழுத்தில் பதில் கிடைக்கும்.

ஒரு மேற்பார்வையாளர் எல்லோர் முன்னாலும் குரலை உயர்த்துகிறார் என்ற கருத்தைக் குழுவில் விவாதிக்க மாட்டேன். அது அவருக்கும் நியாயமாகாது, எழுதியவருக்கும் பாதுகாப்பாகாது. வேலையில் குறை இருந்தால் தனியே அழைத்துச் சொல்ல வேண்டும் என்பது இன்று முதல் நான் உட்பட எல்லோருக்கும் பொருந்தும்.

சம்பள உயர்வில் முடிவு என் கையில் இல்லை. குன்னூர் ஏலத்தில் தூள் விலை ஏறும்போது நமக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்வியை மழுப்பாமல் அப்படியே முதலாளியிடம் கொடுத்துவிட்டேன். அவர் முடியாது என்றாலும் அதைக் காரணத்தோடு இங்கேயே எழுதுவேன்.

இரவு ஷிப்ட் வாரம் ஒருமுறை மாற வேண்டும் என்று சிலரும், இப்போது இருப்பதே போதும் என்று சிலரும் சொல்கிறீர்கள். இதை நான் தனியாக முடிவு செய்ய விரும்பவில்லை. வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு வாட்டும் மாடியில் கூடிப் பேசுவோம். அந்த நேரம் வேலை நேரமாகவே கணக்கில் சேரும். கூட்டத்தில் பேசத் தயங்குபவர்களுக்காகச் சீட்டுப் பெட்டி இனி எப்போதும் இருக்கும். அலுவலக வாசலில் போடுவதை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று எழுதியிருந்ததால், அதை உடை மாற்றும் அறைக்கு மாற்றியிருக்கிறோம்.