வாரம் ஒரு மணி நேரம் புதிர்களுக்கும் பலகை விளையாட்டுகளுக்கும் ஒதுக்க வேண்டி

அனுப்புநர்
ஆறாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி நிலாவின் தாய்

பெறுநர்
தலைமையாசிரியை அவர்கள்

பொருள்: ஆறாம் வகுப்புக்கு வாராந்திரப் புதிர், பலகை விளையாட்டு நேரம் – வேண்டுகோள்

மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்.

வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பாடவேளைகளில் மற்ற வகுப்புகளுக்கு மன்றச் செயல்பாடுகள் நடக்கின்றன. ஏழாம் வகுப்பிலிருந்துதான் மன்றங்கள் என்பதால், ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த 80 நிமிடமும் தாங்களாகப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். வாரக் கடைசியில், மற்றவர்கள் எழுந்து போகும் சத்தம் காதில் விழும்போது, எந்தப் பிள்ளைக்கும் புத்தகத்தில் மனம் ஊன்றாது. அந்த நேரத்தைப் புதிர்களுக்கும் பலகை விளையாட்டுகளுக்கும் தர முடியுமா என்று கேட்கவே இதை எழுதுகிறேன். பெட்டிகளை எடுத்து வைக்க 10 நிமிடம், விளையாட ஒரு மணி நேரம், காய்களை எண்ணித் திரும்ப அடுக்க 10 நிமிடம். எந்தப் பாடத்தின் நேரத்தையும் இதற்காகக் குறைக்க வேண்டியதில்லை.

விளையாட்டு என்றதும் பொழுதுபோக்குத்தானே என்று சில பெற்றோர் நினைக்கலாம். வீட்டில் நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். 21 கூழாங்கற்களைக் குவித்து வைத்து இருவர் ஆடும் ஆட்டம் அது. தன் முறை வரும்போது ஒரு கல்லோ, இரண்டோ, மூன்றோ எடுக்கலாம். கடைசிக் கல்லை எடுப்பவருக்கு வெற்றி. நிலா தன் தோழியிடம் வரிசையாகத் தோற்றுக்கொண்டிருந்தாள். ஒரு கட்டத்தில் கையை நீட்டி ஆட்டத்தை நிறுத்தி, “இரு, நாலு கல்லு மிச்சம் இருக்கும்போது என் முறை வந்தா நான் காலி” என்றாள். கொஞ்ச நேரம் கல்லையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்போ எட்டு இருந்தாலும் காலிதானே?” என்றாள். அப்புறம் பன்னிரண்டு, பதினாறு, இருபது என்று தானே எண்ணிக்கொண்டு போனாள். 21 கல்லில் முதலில் ஆடுபவர் ஒரே ஒரு கல்லை எடுத்துவிட்டால் போதும் என்பது அவளுக்கு அப்படித்தான் பிடிபட்டது. நான்காம் வாய்ப்பாட்டை ஒப்பிக்கச் சொன்னால் திணறுகிற பிள்ளை அவள். யாரும் சொல்லித் தராமல், தோல்வி எங்கே தொடங்கியது என்று பின்னோக்கித் தேடிப் போய் அதைக் கண்டுபிடித்தாள்.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்தப் பின்னோக்கிய தேடல்தான். பரீட்சையில் தப்பான விடைக்குச் சிவப்புக் கோடு விழும், அதோடு முடிந்துவிடும். ஆட்டத்தில் தோற்ற பிள்ளை உடனே இன்னொரு ஆட்டம் கேட்கிறது, இந்த முறை வேறு மாதிரி ஆடிப் பார்க்கிறது. தப்பு செய்வதற்குப் பயப்படாத அந்த ஒரு மணி நேரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். கணக்கில் பின்தங்கியவர்களுக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும். அதனால்தான் வேலையை முடித்தவர்களுக்கு மட்டும், நல்ல மதிப்பெண் எடுத்தவர்களுக்கு மட்டும் என்று இதைப் பரிசாக வைத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

தொடக்கத்தில் ஒரு பிரிவோடு, ஆறு வாரம் நடத்திப் பார்க்கலாம். 32 பிள்ளைகளுக்கு நான்கு பேர் வீதம் எட்டு மேசை போதும். யார் எந்த மேசை என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்தால், எப்போதும் சேர்ந்தே உட்காருகிறவர்கள் பிரிந்து, யாரும் கூப்பிடாத பிள்ளைக்கும் ஓர் இடம் தானாக அமையும். ஒரு மேசை மட்டும் தனியாக யோசிக்க விரும்புகிறவர்களுக்கு இருக்கட்டும். ஏழு துண்டுகளை வைத்து உருவம் அமைக்கும் டேங்கிராம், நான்குக்கு நான்கு கட்டத்தில் தொடங்கும் சுடோகு, சிறிய வட்டின் மேல் பெரிய வட்டு வராமல், வட்டுகளை ஒவ்வொன்றாக மூன்று கம்பங்களுக்கு இடையே நகர்த்தி அடுக்கை இடம் மாற்றும் ஹனோய் கோபுரம் ஆகியவை அங்கே இருக்கலாம். ஹனோய் கோபுரத்தில் மூன்று வட்டுகளை இடம் மாற்றக் குறைந்தது 7 நகர்த்தல்கள் தேவை, நான்குக்கு 15, ஐந்துக்கு 31. ஒவ்வொரு முறையும் ஏன் இரு மடங்கும் ஒன்றும் ஆகிறது என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அடுத்த கணக்கு வகுப்புக்கு ஒரு நல்ல தொடக்கம் கிடைத்துவிடும்.

மற்ற மேசைகளில் சதுரங்கமும் இருக்கலாம். ஆனால் அது மட்டும் வேண்டாம். பயிற்சிக்குப் போகிற நான்கைந்து பேர் மற்றவர்களைப் பத்து நிமிடத்தில் வென்றுவிடுவார்கள். இரண்டாம் வாரமே பாதி வகுப்பு ஒதுங்கிவிடும். எல்லோரும் புதிதாகத் தொடங்குகிற ஆட்டங்களும், சேர்ந்து ஜெயிக்கிற அல்லது சேர்ந்து தோற்கிற ஆட்டங்களும் கலந்து இருக்க வேண்டும். பகடை ஆட்டங்களும் வேண்டும். பந்தயம் எதுவும் இல்லாத பகடை என்பதைப் பெற்றோருக்கு முன்பே தெளிவாகச் சொல்லிவிடலாம். 2 முதல் 12 வரை எண்ணிட்ட குதிரைகளைத் தாளில் வரைந்து, இரண்டு பகடைகளின் கூட்டுத்தொகைக்கு ஏற்ப நகர்த்தினாலே ஓர் ஆட்டம் தயார். 12ஆம் குதிரையைத் தேர்ந்தெடுத்தவர் பெரும்பாலும் தொடங்கிய இடத்திலேயே நிற்பார், 7ஆம் குதிரை முன்னால் போய்க்கொண்டிருக்கும். 36 வாய்ப்புகளில் 7 ஆறு விதமாக வருகிறது, 12 ஒரே விதமாகத்தான் வருகிறது என்பது சில ஆட்டங்களிலேயே அவர்கள் கண்ணில் பட்டுவிடும்.

கைப்பேசியும் கணினியும் இந்த நேரத்தில் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. திரையில் ஆடும்போது விதியை அதுவே பார்த்துக்கொள்கிறது, தப்பான நகர்த்தலை அதுவே தடுக்கிறது. பலகையில் அப்படி இல்லை. “அது செல்லாது”, “இல்லை, செல்லும்” என்று சண்டை வரும். விதித் தாளை எடுத்துப் படித்து, நான்கு பேரும் ஒத்துக்கொண்ட பிறகுதான் ஆட்டம் நகரும். மேற்பார்வையிடும் ஆசிரியர் அந்த இடத்தில் தீர்ப்புச் சொல்லாமல் கொஞ்சம் பொறுத்திருந்தால் நல்லது. சத்தம் இருக்கத்தான் செய்யும். நூலகக் கூடம் மற்ற வகுப்பறைகளிலிருந்து தள்ளி இருப்பதால் அங்கே வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை.

செலவு பெரிதாக இருக்காது. முதல் ஆறு வாரத்துக்குத் தேவையானவற்றில் பாதியை அட்டை, கூழாங்கல், பகடை கொண்டே செய்துவிடலாம். மீதியைப் பெற்றோரிடம் இரவலாகக் கேட்டு வாங்கும் பொறுப்பை நான் ஏற்கிறேன். ஒவ்வொரு பெட்டியின் மூடியிலும் உள்ளே எத்தனை காய்கள் என்று எழுதி ஒட்டுவேன். ஒரு காய் தொலைந்தாலும் பல ஆட்டங்கள் ஆட முடியாமல் போய்விடும், அதனால் கடைசிப் பத்து நிமிடத்தை யாரும் விழுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நிறங்களைப் பிரித்தறியச் சிரமப்படும் பிள்ளைகளுக்காகக் காய்களில் நிறத்தோடு வட்டம், முக்கோணம் போன்ற குறிகளும் போட்டுத் தருகிறேன்.

போட்டி, கோப்பை, தரவரிசை எதுவும் வேண்டாம். ஆறு வாரம் முடிந்ததும் பிள்ளைகளிடமே கேட்போம்: எந்த ஆட்டத்தைத் திரும்ப ஆடினாய், எதை விட்டுவிட்டாய், யாரோடு முதன்முறையாக ஆடினாய் என்று. வகுப்பாசிரியரின் கருத்தையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, தொடர்வதா நிறுத்துவதா என்று நீங்கள் முடிவு செய்யலாம்.

வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் நான் வந்து உதவ முடியும். இன்னும் இரண்டு பெற்றோரும் மாறி மாறி வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பெற்றோர் உள்ளே வருவதற்குப் பள்ளி வைத்திருக்கும் விதிகள் எதுவானாலும் அதன்படி நடந்துகொள்கிறோம். அடுத்த வாரம் பள்ளி முடிந்த பிறகு எந்த நாளானாலும் கால் மணி நேரம் ஒதுக்கினால், மூன்று ஆட்டங்களை எடுத்து வந்து காட்டுகிறேன். எந்த நாள் என்று நிலாவின் நாட்குறிப்பில் எழுதி அனுப்பினால் போதும்.

நன்றி.

இப்படிக்கு,
நிலாவின் தாய்