நவம்பர் 2024: வீட்டு வகுப்புக் கட்டணச் சீட்டு

சீட்டு இலக்கம்: 11/2024
எழுதிய திகதி: 02.12.2024, திங்கள்
யாருக்கு: ஆருஷா, கிருத்திக் ஆகியோரின் அம்மா அப்பாவுக்கு, கண்டாவளை
யாரிடமிருந்து: சுகந்தி ரீச்சர், பரந்தன்

இந்த மாதம் தரவேண்டிய தொகை: 7,070 ரூபா

வழமையான மாதக் கட்டணம் இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து 9,200 ரூபா. இந்த முறை குறைந்திருக்கிறது. நடக்காத வகுப்புகள் பல. எது ஏன் குறைந்தது என்று திகதியோடு கீழே எழுதியிருக்கிறேன் அக்கா. உங்கள் கலண்டரோடு ஒருக்கால் ஒத்துப் பாருங்கள்.

ஆருஷா, தரம் 10, கணிதம்
திங்கள், புதன், சனி பின்னேரம் 4.00 முதல் 5.30 வரை
மாதம் 12 வகுப்பு, 6,000 ரூபா. ஒரு வகுப்பு 500 ரூபா.

| திகதி | நடந்தது | ரூபா |
|---|---|---|
| 2 சனி | வகுப்பு நடந்தது | 500 |
| 4 திங்கள் | நடந்தது | 500 |
| 6 புதன் | நடந்தது | 500 |
| 9 சனி | பிள்ளைக்குக் காய்ச்சல், முதல் நாள் இரவே சொன்னீர்கள் | 0 |
| 11 திங்கள் | நடந்தது | 500 |
| 13 புதன் | வந்து திரும்பினேன், அரைக் கட்டணம் | 250 |
| 16 சனி | நடந்தது | 500 |
| 18 திங்கள் | நடந்தது | 500 |
| 20 புதன் | நான் வரவில்லை. பதில் வகுப்பு 17 ஞாயிறு காலை முடிந்தது | 500 |
| 23 சனி | கரண்ட் போய் ஒரு மணித்தியாலம்தான்; மிச்சம் 30 இல் | 500 |
| 25 திங்கள் | மழை, நடக்கவில்லை | 0 |
| 30 சனி | நடந்தது, 2 மணித்தியாலம் | 500 |
| | கூட்டு | 4,750 |

கிருத்திக், தரம் 4, கணிதமும் தமிழும்
செவ்வாய், வெள்ளி பின்னேரம் 4.00 முதல் 5.00 வரை
மாதம் 8 வகுப்பு, 3,200 ரூபா. ஒரு வகுப்பு 400 ரூபா.

| திகதி | நடந்தது | ரூபா |
|---|---|---|
| 1 வெள்ளி | தீபாவளிக்கு மறுநாள், வவுனியா போயிருந்தீர்கள். பதில் வகுப்பு 17 ஞாயிறு | 400 |
| 5 செவ்வாய் | நடந்தது | 400 |
| 8 வெள்ளி | நடந்தது | 400 |
| 12 செவ்வாய் | நடந்தது | 400 |
| 19 செவ்வாய் | நடந்தது | 400 |
| 22 வெள்ளி | நடந்தது | 400 |
| 26 செவ்வாய் | மழை, நடக்கவில்லை | 0 |
| 29 வெள்ளி | ஒழுங்கையில் தண்ணீர், நடக்கவில்லை | 0 |
| | கூட்டு | 2,400 |

கணக்கு

ஆருஷா: 4,750
கிருத்திக்: 2,400
போட்டோக்கொப்பி 22 பக்கம், பக்கம் 10 ரூபாப்படி: 220
மொத்தம்: 7,370
போன மாதம் கூடுதலாகத் தந்தது, கழிவு: 300
தரவேண்டியது: 7,070 ரூபா

அந்த 300 ரூபா நினைவிருக்கும். ஒக்ரோபர் கட்டணம் 9,200க்கு நீங்கள் 9,500 தந்தீர்கள், மாற்றிய காசு என்னிடம் இருக்கவில்லை. போட்டோக்கொப்பியில் 16 பக்கம் ஆருஷாவின் கடந்தகால வினாத்தாள்கள், 6 பக்கம் சின்னவனின் பயிற்சித் தாள்கள். கடையில் கொடுத்த காசை மட்டுமே போட்டிருக்கிறேன்.

சில திகதிகளைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாக

13 ஆம் திகதி. இதைத்தான் முதலில் சொல்லவேண்டும், ஏனென்றால் இந்தச் சீட்டில் உங்களுக்கு மனவருத்தம் தரக்கூடியது இது ஒன்றுதான். மறுநாள் பாராளுமன்றத் தேர்தல். நீங்கள் தேர்தல் கடமைக்குப் புறப்பட்டுவிட்டீர்கள், அண்ணை பிள்ளைகளை அம்மம்மா வீட்டில் விட்டிருந்தார். வகுப்பு இல்லை என்று நீங்கள் அனுப்பிய செய்தி 2.10க்கு வந்திருக்கிறது. அந்த நேரம் நான் முரசுமோட்டையில் இன்னொரு வீட்டில் படிப்பித்துக்கொண்டிருந்தேன், போன் பையில் இருந்தது. அங்கிருந்து நேரே உங்கள் படலைக்கு வந்து, பூட்டைப் பார்த்த பிறகுதான் போனை எடுத்தேன். முதல் நாள் இரவு 8 மணிக்கு முன் சொன்னால் கட்டணமே இல்லை, அதற்குப் பிறகு சொல்லி நான் வந்து திரும்பினால் அரைவாசி என்றுதான் நாங்கள் தை மாதம் பேசியிருந்தோம். அந்த ஒழுங்கின்படி 250 போட்டிருக்கிறேன். பெற்றோலுக்கும் அந்த ஒன்றரை மணித்தியாலத்துக்கும் அது. கடமைக்குப் போகிற அவசரத்திலும் செய்தி அனுப்பினீர்கள் என்பதை நான் மறக்கவில்லை. இது சரியில்லை என்று உங்களுக்குப் பட்டால் சொல்லுங்கள், பேசிக்கொள்வோம்.

20 ஆம் திகதி அம்மாவைக் கிளினிக்குக் கூட்டிக்கொண்டு போகவேண்டியிருந்தது. திகதி முன்பே தெரிந்ததால் 17 ஞாயிறு காலை 9.00 முதல் 10.30 வரை அந்த வகுப்பை முன்கூட்டியே முடித்துவிட்டேன். அதனால்தான் கழிக்கவில்லை. அன்றைக்கே கிருத்திக்குக்கும் 1 ஆம் திகதிக்குரிய ஒரு மணித்தியாலத்தைச் சேர்த்துக்கொண்டேன். நான் வராமல் விட்டு, பதில் வகுப்பும் வைக்காமல் போனால் அந்த வகுப்புக்குக் காசு எடுக்கமாட்டேன். எனக்கும் அதே ஒழுங்குதான்.

மழைக்கு யாரும் பொறுப்பில்லை. 25, 26 இரண்டு நாளும் நான் வீட்டை விட்டு இறங்கவே முடியவில்லை. உயர்தரப் பரீட்சையையே 27 ஆம் திகதியிலிருந்து நிறுத்தவேண்டி வந்த மழை அது. 29 அன்று மழை விட்டிருந்தும் உங்கள் ஒழுங்கையில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நின்றது, பிரதான வீதியில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினேன். நான் வந்து திரும்பிய நாள்தான், ஆனால் அதற்கு அரைக் கட்டணம் போடுவது நியாயமில்லை. வெள்ளம் உங்கள் வீட்டுப் படிவரை வந்தபோது செய்தி அனுப்பச் சொல்லி யாரையும் கேட்க முடியாது. 30 அன்று மோட்டார்சைக்கிளை வீதியோரக் கடையடியில் விட்டுவிட்டு நடந்து வந்தேன். ஆருஷா வாசலில் ஒரு வாளி தண்ணீரோடு நின்றாள், கால் கழுவ. அந்தப் பிள்ளைக்கு நன்றி சொல்லாமல் இந்தச் சீட்டை முடிக்க மனமில்லை.

23 அன்று விட்டுப்போன அரை மணித்தியாலத்தை அந்த 30 ஆம் திகதி வகுப்போடு சேர்த்து 6 மணிவரை இருந்து முடித்தோம். ஆகவே இரண்டுக்கும் முழுக் கட்டணம்.

15 வெள்ளி போயா, 27 புதன் மாவீரர் நாள். இந்த இரண்டு நாளும் முதலிலிருந்தே வகுப்புக் கணக்கில் இல்லை. 27 ஆம் திகதி மாலையில் நான் எந்த வருடமும் எந்த வீட்டிலும் வகுப்பு வைப்பதில்லை.

படித்தது

காசு மட்டும் எழுதிய சீட்டாக இது இருக்கக்கூடாது. ஆருஷாவுடன் இருபடிக் கோவைகளின் காரணிகளை முடித்து, முக்கோணிகளின் ஒருங்கிசைவுக்கு வந்திருக்கிறோம். காரணி பிரிப்பதில் அவளுக்குப் பயமில்லை. ஆனால் அடைப்புக்குறிக்கு முன்னால் சயக்குறி வந்தால் உள்ளே இரண்டாவது உறுப்பின் குறியை மாற்ற மறந்துவிடுகிறாள். −2(x − 3) என்பதை −2x − 6 என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாள். −2x + 6 என்று வரவேண்டும். கடந்தகால வினாத்தாளில் அவள் இழந்த 11 புள்ளிகளில் 7 இதனால் மட்டும் போனவை. இந்த மாதம் அதை விடாமல் பார்ப்பேன். ஒருங்கிசைவில் இன்னும் இரண்டு வகுப்புத் தேவை. மழையால் விட்டதை அவள் தானாகப் படிக்கட்டும் என்று விட முடியாத இடம் அது.

கிருத்திக் 7 ஆம் வாய்ப்பாட்டில் 7 × 8 வந்தால் நிற்கிறான். புளியங்கொட்டையை எட்டெட்டாக ஏழு வரிசை அடுக்கி எண்ணவைத்தேன், 56 என்று தானே கண்டுபிடித்துவிட்டு கொட்டைகளைக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். உடுப்புத் தோய்க்கும்போது பைக்குள் பாருங்கள் அக்கா. தமிழில் ண, ன, ந மூன்றையும் இன்னும் குழப்புகிறான். அடுத்த வருடம் தரம் 5 புலமைப்பரிசில் என்று இப்போதே அவனை நெருக்கவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் வாசித்தால் போதும், சத்தமாக.

டிசம்பர்

ஆருஷாவின் நாட்களில் 14 போயா, 25 நத்தார். அவை போக 11 வகுப்பு வருகிறது. 8 ஞாயிறு காலை 9 மணிக்கு ஒன்று வைத்து 12 ஆக்கலாம். கிருத்திக்குக்கு 9 வருகிறது, 31 ஐ விட்டால் சரியாக 8. 25, 26, 29 ஆம் திகதி மழை வகுப்புகளைக் கட்டணத்தில் கழித்துவிட்டேன். அவற்றைத் திருப்பிப் படிப்பிக்கவேண்டும் என்று நீங்கள் விரும்பினால் ஞாயிறுகளில் வைக்கலாம், அப்போது வகுப்புக்கு 500, 400 என்ற அதே கணக்கில் டிசம்பர் சீட்டில் வரும். வேண்டாம் என்றாலும் சரி. ஆருஷாவுக்கு ஒன்றாவது வையுங்கள் என்பது என் கருத்து.

கட்டணம் தருவது

10 ஆம் திகதிக்கு முன் தந்தால் நல்லது. பிள்ளையிடம் கொடுத்துவிடவேண்டாம், வகுப்பு முடிந்து நான் புறப்படும்போது என் கையில் தாருங்கள். அந்த இடத்திலேயே பற்றுச்சீட்டு எழுதித் தருவேன்.

அண்ணையின் காலபோக வயல் தண்ணீருக்குள் நிற்பதைப் போகும் வழியில் பார்த்தேன். இந்த மாதம் முழுவதும் ஒன்றாகத் தர முடியாவிட்டால் இப்போது 4,000, மிச்சம் 3,070 தைப்பொங்கலுக்குப் பிறகு என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கூடுதலாக எதுவும் இல்லை. வகுப்பு வழமைபோல நடக்கும். பிள்ளைகளுக்கு இது தெரியவும் வேண்டாம்.

கணக்கில் பிழை இருந்தால் 4 புதன் நான் வரும்போது சொல்லுங்கள், உங்கள் முன்னாலேயே திருத்தி எழுதித் தருகிறேன்.

சுகந்தி
02.12.2024