புது வாடிக்கையாளர்களுக்கான மெயில்கள்: திருத்திய வரிசை

அக்கா,

இப்போது போகிற வரவேற்பு மெயிலில் நன்றி, கடை வரலாறு, சமையல் குறிப்பு, கூப்பன், வாட்ஸ்அப் குழு, ‘ரிவ்யூ போடுங்கள்’ எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. ஆர்டர் போட்டவருக்கு அந்த நேரத்தில் வேண்டியது பணம் சேர்ந்ததா, கருவாடு எப்போது வரும், இவ்வளவுதான். அது ஐந்தாவது பத்தியில் இருக்கிறது. அதனால் நான்காகப் பிரித்திருக்கிறேன். ஒரு மெயிலுக்கு ஒரு வேலை. கீழே உள்ளதை அப்படியே போட்டுவிடலாம்.

மெயில் 1: ஆர்டர் வந்தவுடன்
தலைப்பு: ஆர்டர் கிடைத்தது, நாளை பார்சல் கிளம்பும்

வணக்கம். உங்கள் ஆர்டரும் பணமும் வந்து சேர்ந்தன. நாளை மாலை பாம்பனிலிருந்து பார்சல் கிளம்பும். கிளம்பியதும் டிராக்கிங் எண் உங்கள் போனுக்கு வரும்.
பாம்பன் கருவாட்டுக் கடை

(சனிக்கிழமை ஆர்டருக்கு மட்டும் ‘நாளை’ என்பது ‘திங்கட்கிழமை’ என்று மாற வேண்டும். ஞாயிறு கூரியர் எடுப்பதில்லை. நன்றி, வரலாறு எதுவும் இதில் வேண்டாம்.)

மெயில் 2: பார்சல் கையில் கிடைத்த அன்று
தலைப்பு: கருவாட்டை இன்றே டப்பாவில் மாற்றிவிடுங்கள்

வணக்கம். பார்சல் வந்திருக்கும். நாங்கள் அனுப்பிய பை வழிப்பயணத்துக்கு மட்டும்தான், அதிலேயே வைத்திருக்க வேண்டாம்.

கருவாட்டைத் தட்டில் கொட்டித் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுப்பாக இருந்தால் ஒரு மணி நேரம் நல்ல வெயிலில் காயவிடுங்கள். சூடு ஆறிய பிறகு, ஈரமில்லாத கண்ணாடி ஜாடியிலோ எவர்சில்வர் டப்பாவிலோ போட்டு இறுக மூடுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். மூடிய டப்பாவை ஃபிரிட்ஜில் வைத்தால் வாடையும் வெளியே வராது. எடுக்கும்போது ஈரக்கை படக் கூடாது.
பாம்பன் கருவாட்டுக் கடை

(இதுதான் நமக்கு முக்கியமான மெயில் அக்கா. கெட்டுப்போச்சு என்று வருகிற புகார்களில் பாதி, பையைக் கட்டி அடுப்பு மேடையிலேயே வைத்தவர்களுடையது. அதுவும் ஐப்பசி, கார்த்திகை மழையில் கேட்கவே வேண்டாம். ஆர்டர் தேதியிலிருந்து நாள் கணக்குப் போட்டு இதை அனுப்பக் கூடாது. சென்னைக்கும் டெல்லிக்கும் பார்சல் ஒரே நாளில் சேராது. கூரியர்காரர் ‘டெலிவரி ஆனது’ என்று பதிந்த பிறகே போக வேண்டும்.)

மெயில் 3: அடுத்த சனிக்கிழமை காலை
தலைப்பு: நாளை நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வையுங்கள்

வணக்கம். இரண்டு கைப்பிடி நெத்திலியைத் தலை கிள்ளி, வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவிடுங்கள். அப்புறம் மண் போக மூன்று தண்ணீரில் அலசுங்கள்.

நல்லெண்ணெயில் வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்குங்கள். கத்திரிக்காய் சேர்த்துப் புளிக்கரைசல், மஞ்சள், மிளகாய்த்தூள் போட்டுக் கொதிக்கவிடுங்கள். எங்கள் ஊர் குண்டு மிளகாயை அரைத்த தூள் என்றால் இன்னும் நன்றாக இருக்கும். கத்திரிக்காய் வெந்த பிறகு நெத்திலியைப் போடுங்கள். முன்பே போட்டால் கரைந்துவிடும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்த்தால் போதும், கருவாட்டிலேயே உப்பு உண்டு.
பாம்பன் கருவாட்டுக் கடை

(குண்டு மிளகாய் விற்கிற லிங்க்கை இதில் வைக்கவில்லை. வைத்தால் இது விற்பனை மெயில் ஆகிவிடும். நெத்திலி வாங்காதவர்களுக்கு இது போக வேண்டாம். வாளை, சாளைக்குத் தனித்தனியாக எழுதித் தருகிறேன்.)

மெயில் 4: அதற்கு ஒரு வாரம் கழித்து
தலைப்பு: உப்பு சரியாக இருந்ததா?

வணக்கம். ஒரே ஒரு கேள்வி. கருவாட்டில் உப்பு கூடுதலா, குறைவா, சரியா? இந்த மெயிலுக்கே ஒரு சொல்லில் பதில் போடுங்கள். அடுத்த முறை உங்களுக்கு அதற்கேற்ப எடுத்து அனுப்புகிறோம்.
பாம்பன் கருவாட்டுக் கடை

(பதிலை நீங்களே படியுங்கள். ‘சரி’ என்றவரிடம் ரிவ்யூ கேட்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.)

கூப்பனை எடுத்துவிட்டேன். முதல் பார்சலைப் பிரிக்காதவரிடம் இரண்டாவது ஆர்டர் கேட்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அப்போது எந்த மீன் கிடைக்காது என்ற அறிவிப்பு இந்த வரிசையில் சேராது. எல்லா வாடிக்கையாளர்களுக்கும் தனியாகப் போக வேண்டியது.

நடுவில் யாராவது புகார் சொல்லி எழுதினால், அவருக்கு மீதி மெயில்களை உடனே நிறுத்த வேண்டும். கெட்டுப்போன கருவாட்டைக் கையில் வைத்திருப்பவருக்குக் குழம்பு வைக்கச் சொல்லி மெயில் போனால் மனசு விட்டுப்போகும்.

மூன்றாவது மெயிலை மட்டும் அம்மாவிடம் படித்துக் காட்டுங்கள். வீட்டில் வைக்கிற பக்குவத்துக்கு மாறாக ஏதாவது இருந்தால் சொல்லுங்கள், திருத்திவிட்டுத் திங்கட்கிழமை முதல் ஓடவிடுகிறேன்.