மேடம், திருவான்மியூர் பார்க்ல உறை கிணறு போடற பிரபோசல் பத்தி பேச 20 நிமிஷம் அப்பாயின்ட்மென்ட் வேணும்

வணக்கம் மேடம்,

நான் திருவான்மியூர்ல இருந்து கீதா, எங்க தெரு குடியிருப்போர் நலச்சங்கத்தோட செக்ரட்டரி. போன ஏரியா சபை கூட்டத்துல மழைத்தண்ணி பத்தி நான் பேச ஆரம்பிச்சப்போ "இத எழுதி எனக்கே அனுப்புங்கம்மா, அப்புறம் நேர்ல பேசலாம்"னு சொன்னீங்க, அந்த தைரியத்துலதான் நேரா உங்களுக்கே அனுப்பறேன். ஃபார்மலா ஒரு லெட்டரும் உங்க ஆபீஸ் தபால்ல கொடுத்து சீல் வாங்கியாச்சு.

விஷயம் இதுதான். எங்க தெரு முனைல இருக்கற கார்ப்பரேஷன் பார்க்ல ரெண்டு உறை கிணறு எறக்கி, தெருவுல ஓடற மழைத்தண்ணிய அதுக்குள்ள விடணும்னு கேக்கறோம். வீட்டுக்கு வீடு மழைநீர் சேகரிப்பு 2003லயே கட்டாயம் ஆயிடுச்சு, எங்க தெருவுலயும் பாதிக்கு மேல ஒழுங்கா வெச்சிருக்காங்க (மீதி பேர் பைப் மட்டும் வெச்சிருக்காங்க, அது வேற கதை). ஆனா மொட்டை மாடில விழற தண்ணிதான் அதுல போகுது, ரோட்டுல விழறது அப்படியே வடிகால்ல எறங்கி பக்கிங்ஹாம் கால்வாய் வழியா கடலுக்குப் போயிடுது. எங்க தெரு சுமாரா 200 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம், 1 சென்டிமீட்டர் மழை பேஞ்சா இந்த ரோட்டுல மட்டும் 12,000 லிட்டர் விழுது மேடம், அதாவது ஒரு பெரிய லாரி தண்ணி. அதே தண்ணிய நாங்க சம்மர்ல காசு கொடுத்து லாரில வாங்கறோம். 2019ல ஜோலார்பேட்டைல இருந்து ரயில்ல தண்ணி வந்தத பாத்தவங்க எல்லாரும் இன்னும் இந்தத் தெருவுலதான் இருக்கோம்.

எங்க ஏரியா மணல் பூமி, தண்ணி சட்டுனு உள்ள எறங்கிடும், அதனாலதான் ஆழமா போர் போடாம 4 அடி விட்டம் 15 அடி ஆழத்துல உறை எறக்கினாலே போதும்னு கிணறு வேலை செய்யறவர் வந்து பாத்துட்டு சொன்னார். கடல் பக்கத்துலயே இருக்கறதால மேல நல்ல தண்ணி எறங்காம போர்ல உறிஞ்சிக்கிட்டே இருந்தா உப்பு ஏறிடும், கடலோரமா இருக்கற சில வீட்டுல இப்பவே வாய்ல வைக்க முடியல.

நீங்க முதல்ல கேக்கப்போறது சாக்கடை கலக்குமேன்னுதான், நியாயமான கேள்வி. வடிகால்ல இருந்து நாங்க தண்ணி எடுக்கவே இல்ல, அதுல யாரு எந்த கனெக்ஷன் கொடுத்து வெச்சிருக்காங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. ரோட்டு ஓரத்துல வடிகாலுக்கு முன்னாடியே ஒரு வண்டல் தொட்டி, அதுல ஜல்லியும் மணலும், அதுக்கப்புறம்தான் கிணறு, சீசனோட முதல் மழைய உள்ள விடாம திருப்பி விடறதுக்கு ஒரு அடைப்பும் இருக்கு. கிணத்து மேல காங்கிரீட் மூடி போட்டு பூட்டு, கொசு போகாம வலை. வருஷா வருஷம் செப்டம்பர்ல தொட்டிய தூர் வாரறது சங்கத்தோட பொறுப்புன்னு தீர்மானமே போட்டுட்டோம்.

காசு கேட்டு வரல மேடம். தொட்டியோட சேத்து ஒரு கிணத்துக்கு 60,000 ரூபா ஆகும்னு எஸ்டிமேட் வாங்கியிருக்கோம், ரெண்டுத்துக்கும் வீட்டுக்கு வீடு வசூல் பண்ணி நாங்களே போட்டுடறோம். ரெண்டு மழைக்காலம் பாத்துட்டு, தண்ணி மட்டம் ஏறினா அப்போ மத்த பார்க்குக்கு கார்ப்பரேஷன் செலவுல பண்றதா வேணாமான்னு நீங்க முடிவு பண்ணுங்க. மட்டம் அளக்க பார்க் பக்கத்துல இருக்கற மூணு வீட்டுக் கிணத்த இப்பவே மாசா மாசம் டேப் விட்டு அளந்து எழுதிட்டு வர்றோம்.

உங்ககிட்டயே வர்றதுக்குக் காரணம், பார்க் ஒரு டிபார்ட்மென்ட், மழைநீர் வடிகால் வேற டிபார்ட்மென்ட், ரோடு ஓரத்த கொஞ்சம் வெட்டணும்னா அது இன்னொண்ணு. தனித்தனியா ஃபைல் ஓடினா பொங்கல் வந்துடும், மழை அக்டோபர்லயே வந்துடும். மூணு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு ஸ்பாட்டுக்கு அனுப்பி, சரின்னோ முடியாதுன்னோ சொல்ல வைக்கறது நீங்க சொன்னாதான் நடக்கும். மீட்டிங்ல நாங்க கேக்கப்போறது அந்த ஜாயின்ட் இன்ஸ்பெக்ஷனும், பார்க்ல தோண்டறதுக்கு எழுத்துல ஒரு அனுமதியும் மட்டும்தான். முடியாதுன்னா காரணம் தெரிஞ்சா டிசைன மாத்திட்டு வருவோம்.

அடுத்த வாரம் செவ்வாயோ வியாழனோ மதியம் 3 மணிக்கு மேல உங்களுக்கு தோதுப்படுமா? அடையார் ஆபீஸோ ரிப்பன் பில்டிங்கோ, எங்க வரச்சொன்னாலும் வர்றோம். நானும் எங்க தெருவுல இருக்கற ரிட்டயர்ட் சிவில் இன்ஜினியர் ஒருத்தரும் ரெண்டே பேர்தான், கூட்டமா வர மாட்டோம். பிளான், எஸ்டிமேட், பார்க் ஃபோட்டோ, சங்கத் தீர்மானம் நாலும் இதோட அனுப்பியிருக்கேன், பிளான்ல ரெண்டாவது பக்கம் மட்டும் பாத்தா கூட போதும். டைம் ஃபிக்ஸ் ஆனா உங்க பி.ஏ. சார் இதே நம்பருக்கு ஒரு மெசேஜ் போட்டா வந்துடுவோம், இந்த வாரம் வியாழன் காலைல நானே ஒரு தடவை அவருக்கு போன் பண்ணி கேட்டுக்கறேன்.

நன்றி மேடம்,
கீதா
செக்ரட்டரி, குடியிருப்போர் நலச்சங்கம்
திருவான்மியூர், சென்னை 41