காற்றுச் சுவாசமும் காற்றில்லாச் சுவாசமும்: திங்கக்கிழம பயாலஜி டெஸ்ட்டுக்கு

ஏல தம்பி, "காற்றுச் சுவாசத்தையும் காற்றில்லாச் சுவாசத்தையும் ஒப்பிடுக"ன்னு நீ கேட்ட அஞ்சு மார்க் கேள்விக்கு முழுசா எழுதி அனுப்புதேன், பைய படி. நீ வித்தியாசத்த எல்லாம் வரிசையா மனப்பாடம் பண்ணுதன்னு சித்தி சொன்னாங்க, அது வேண்டாம்ல. ஒரே ஒரு விஷயம் பிடிபட்டுட்டுன்னா மத்த வித்தியாசம் எல்லாம் தானா வந்துரும். குளுக்கோஸ் முழுசா உடஞ்சுச்சா, பாதியில நின்னுட்டா? அதத்தான் பாக்கணும்.

மொதல்ல சமன்பாடு. அதுல வார ஏடிபிங்குறது செல்லு ஆற்றல வச்சு செலவு பண்ணுத மூலக்கூறு. காற்றுச் சுவாசத்துக்கு இப்படி எழுது:

குளுக்கோஸ் + ஆக்சிஜன் → கார்பன் டை ஆக்சைடு + நீர் + ஆற்றல் (38 ஏடிபி)

C₆H₁₂O₆ + 6O₂ → 6CO₂ + 6H₂O + ஆற்றல்

காற்றில்லாச் சுவாசத்துக்கு ரெண்டு சமன்பாடு உண்டு, நெறய பேரு ஒண்ணு மட்டும் எழுதிட்டு மார்க்க விட்டுட்டு வருதாங்க.

ஈஸ்ட்டில்: குளுக்கோஸ் → எத்தனால் + கார்பன் டை ஆக்சைடு + ஆற்றல் (2 ஏடிபி)

C₆H₁₂O₆ → 2C₂H₅OH + 2CO₂ + ஆற்றல்

தசையில்: குளுக்கோஸ் → லாக்டிக் அமிலம் + ஆற்றல் (2 ஏடிபி)

C₆H₁₂O₆ → 2C₃H₆O₃ + ஆற்றல்

தசை சமன்பாட்டுல கார்பன் டை ஆக்சைடு கெடையாது, அத நல்லா பாத்துக்கோ. எண்ணிப் பாரு, குளுக்கோஸ்ல கார்பன் 6 இருக்குல்லா, லாக்டிக் அமிலத்துல ஒண்ணுக்கு 3, ரெண்டு மூலக்கூறுன்னா 6, அப்ப வெளிய போறதுக்கு கார்பனே மிச்சமில்ல. ஈஸ்ட்டுல எத்தனால் ரெண்டுலயும் சேத்து 4 போவுது, மிச்சம் 2 கார்பன் டை ஆக்சைடா போவுது. இப்படி எண்ணிப் பாத்து எழுதுனா பரீட்ச ஹால்ல மறந்தாலும் நீயே கண்டுபிடிச்சிரலாம்.

இப்ப ஆற்றல் ஏன் இவ்வளவு வித்தியாசம்னு பாப்போம், டெஸ்ட்டுல "காரணம் கூறு"ன்னு இங்கனதான் கேப்பாங்க. ரெண்டு சுவாசத்துக்கும் ஆரம்பம் ஒண்ணுதான், கிளைக்காலிசிஸ், அது சைட்டோபிளாசத்துல நடக்கும், அதுக்கு ஆக்சிஜனே வேண்டாம். ஒரு குளுக்கோஸ் ரெண்டு பைருவிக் அமிலமா ஒடையும், 4 ஏடிபி உண்டாகும் ஆனா ஆரம்பத்துலயே 2 செலவாயிருது, கையில நிக்கது 2. இது வரைக்கும் ரெண்டுக்கும் ஒரே கணக்கு.

ஆக்சிஜன் இருந்துச்சுன்னா பைருவிக் அமிலம் மைட்டோகாண்ட்ரியாக்குள்ள போயிரும், அங்க கிரப் சுழற்சி, அதுக்குப் பொறவு உட்சவ்வுல இருக்க எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி. ஹைட்ரஜன சுமந்துட்டு வார என்ஏடிஹெச் தன்னோட எலக்ட்ரான இந்தச் சங்கிலியில இறக்கிவிடும், கடைசியா அத வாங்கிக்கிடது நாம மூச்சுல இழுத்த ஆக்சிஜன், வாங்கி நீரா மாறிரும். அதனால நாம இழுத்த ஆக்சிஜன் போய்ச்சேருத இடம் சமன்பாட்டுல இருக்க நீருதான், கார்பன் டை ஆக்சைடு அதுக்கு முன்னாலயே, பைருவிக் அமிலம் ஒடையும்போதே வெளிய வந்துட்டு. எனக்கு இந்தப் பாடத்துல ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்ல.

ஆக்சிஜன் இல்லன்னா சங்கிலி நின்னுரும். அப்ப கிளைக்காலிசிஸாவது ஓடணும்லா, அதுக்கு காலியான என்ஏடி திரும்ப வேணும், அதனால என்ஏடிஹெச் தன் சுமைய பைருவிக் அமில வழியிலயே இறக்கிருது. தசையில அது நேரா லாக்டிக் அமிலம் ஆயிரும், ஈஸ்ட்டுல மொதல்ல ஒரு கார்பன் டை ஆக்சைடு கழண்டு பொறவு எத்தனால் ஆவும். இந்தக் கடைசிப் படியில புதுசா ஒரு ஏடிபி கூட வராது. அந்த 2ஓட சரி.

மிச்ச ஆற்றல் எங்க போச்சுன்னு கேப்ப. எங்கயும் போவல, எத்தனாலுக்குள்ளயும் லாக்டிக் அமிலத்துக்குள்ளயும் அப்படியே கெடக்கு. உங்க லேப்ல ஸ்பிரிட் விளக்கு எரியுதுல்லா, அதுல எரியுதது எத்தனால்தான், அந்த ஆற்றலத்தான் ஈஸ்ட்டு எடுக்க முடியாம விட்டுருக்கு.

38 எப்படி வருதுன்னா கிளைக்காலிசிஸ்ல 2, கிரப் சுழற்சியில நேரடியா 2, பாக்கி 34ம் எலக்ட்ரான் சங்கிலியிலருந்து, அதாவது 10 என்ஏடிஹெச்சுக்கு மூணு மூணா 30, அதே மாதிரி ஹைட்ரஜன சுமக்குத 2 எஃப்ஏடிஹெச்2க்கு ரெண்டு ரெண்டா 4. சில புக்குல 36ன்னு இருக்கும், சைட்டோபிளாசத்துல உண்டான என்ஏடிஹெச் மைட்டோகாண்ட்ரியாக்குள்ள சுமைய கைமாத்துத வழியில கொஞ்சம் குறயும், அதான். இப்ப வார காலேஜ் புக்குல 30லருந்து 32 வரைக்கும்தான், என்ஏடிஹெச் ஒண்ணுக்கு 2.5ன்னுதான் கணக்கு போடுதாங்க. உங்க டீச்சர் போர்டுல 38 போட்டாங்கன்னு சொன்னல்லா, நீ 38ன்னே எழுது, 2ஓட ஒப்பிட்டா 19 மடங்குன்னும் சேத்து எழுதிரு, அந்த ஒரு வரிதான் "ஒப்பிடுக"ங்குறதுக்கு பதிலு.

உதாரணம் கேட்டா நம்ம ஊரு பக்கமே இருக்கு. பனையில கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவித்தான கட்டுவாங்க, சுண்ணாம்பு இருந்தா ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் பெருகாது, பதநீர் இனிப்பாவே இருக்கும். சுண்ணாம்பு இல்லன்னா சர்க்கர எத்தனாலா மாற ஆரம்பிச்சிரும், நுர பொங்குதது கார்பன் டை ஆக்சைடு. இட்லி மாவு கொஞ்சம் சிக்கலானது, அதுல முக்கியமா வேல பாக்கது லாக்டிக் அமில பாக்டீரியா, ஆனா அதுல சில வகை லாக்டிக் அமிலத்தோட கார்பன் டை ஆக்சைடும் சேத்து விடும், அதனாலதான் மாவு புளிக்கவும் செய்யுது பொங்கவும் செய்யுது. சமன்பாடு கேட்டா மேல இருக்க ஈஸ்ட்டு, தசை ரெண்டு மட்டும் போதும், இட்லி மாவ அதுல இழுக்காத.

தசைக்கு கபடியச் சொல்லு. ரெய்டு போயி முழு வேகத்துல தப்பிச்சு ஓடி வரும்போது தசைக்கு வேண்டிய வேகத்துல ஆக்சிஜன் வந்து சேராது, அந்த நேரத்துக்கு லாக்டிக் அமில வழி கை கொடுக்கும். ஏடிபி கம்மிதான், ஆனா ரொம்ப வேகமா கெடைக்கும். ஓடி முடிச்ச பொறவும் கொஞ்ச நேரம் மூச்சு வாங்குதுல்லா, அது ஆக்சிஜன் கடன் தீக்குறது, லாக்டிக் அமிலம் ரத்தத்துல கல்லீரலுக்குப் போயி திரும்ப குளுக்கோஸா மாறும். மறுநாள் காலு வலிக்கதுக்கு லாக்டிக் அமிலந்தான் காரணம்னு எழுதிராத, அது ஒரு மணி நேரத்துக்குள்ளயே ரத்தத்துலருந்து போயிரும், மறுநாள் வலி தசை நார்ல ஏற்படுத சின்னச் சின்ன சேதத்தால.

பேப்பர்ல எழுத வேண்டிய பதில கீழ தாரேன், ஒரு தடவ பாக்காம எழுதிப் பாத்துட்டு போட்டோ எடுத்து அனுப்பு:

"காற்றுச் சுவாசம் ஆக்சிஜன் உள்ளபோது நடைபெறும். சைட்டோபிளாசத்தில் தொடங்கி மைட்டோகாண்ட்ரியாவில் முடியும். குளுக்கோஸ் முழுமையாகச் சிதைந்து கார்பன் டை ஆக்சைடும் நீரும் உண்டாகின்றன. 38 ஏடிபி கிடைக்கும். காற்றில்லாச் சுவாசம் ஆக்சிஜன் இன்றி சைட்டோபிளாசத்தில் மட்டும் நடைபெறும். குளுக்கோஸ் முழுமையாகச் சிதைவதில்லை. ஈஸ்ட்டில் எத்தனாலும் கார்பன் டை ஆக்சைடும், தசையில் லாக்டிக் அமிலமும் உண்டாகின்றன. 2 ஏடிபி மட்டுமே கிடைக்கும்."

இதுக்குக் கீழ வார்த்தைச் சமன்பாடு மூணையும் தனித்தனி வரியில போடு. ரத்தச் சிவப்பணு எந்தச் சுவாசம் பண்ணுதுன்னு ஒரு மார்க்குல கேட்டா காற்றில்லாச் சுவாசம்னு எழுது, ஆக்சிஜன சுமக்குததே அதுதான், ஆனா அதுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா கெடையாது.