குடியைக் குறைக்க நான் போட்டிருக்கும் திட்டம்

தாசரஹள்ளி, பெங்களூரு
நவம்பர் 9, ஞாயிறு

அன்புள்ள செல்விக்கு,

நான் நலம். நீ, அம்மா, கயல், சின்னவன் எல்லோரும் நலமா? கையில் போன் இருக்கும்போது எதற்குக் கடுதாசி என்று கேட்பாய். போனில் இந்தப் பேச்சை எடுத்தால் நீ அழுவாய், நான் கட் பண்ணிவிடுவேன். தாளில் இருந்தால் "இது நீங்க எழுதினதுதானே" என்று எடுத்துக் காட்டலாம். பீரோவில் என் எல்ஐசி பேப்பரோடு வைத்துக்கொள்.

போன வாரம் இஎஸ்ஐ டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தினம் ஒரு குவார்ட்டர், சனிக்கிழமை ரெண்டு என்று மறைக்காமல் சொன்னேன். காலையில் கை நடுங்குமா, ராத்திரி வேர்த்துக்கொட்டுமா, எப்போதாவது வலிப்பு வந்திருக்கா என்று கேட்டார். லேசாக நடுக்கம் உண்டு, மற்றது இல்லை என்றேன். பல வருஷமாக தினம் குடிக்கிற ஆள் ஒரே நாளில் நிறுத்தினால் முதல் ரெண்டு மூணு நாளில் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், அதனால் படிப்படியாக இறங்கு என்றார். வைட்டமின் பி1 மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஈரலுக்கு ரத்த டெஸ்ட் எடுத்திருக்கிறார்கள். கீழே இருக்கும் கணக்கு அவரிடம் காட்டி எழுதியது.

அதனால்தான் இந்தக் கார்த்திகைக்கு மாலை போடச் சொல்லி நீ கேட்டதற்கு வேண்டாம் என்கிறேன். சாமி மேல் குறை இல்லை. நம்ம தெருவிலேயே பார்க்கிறோமே, மாலை போட்ட அன்று சட்டென்று நிறுத்துகிறார்கள், கழற்றின அன்று பாட்டிலோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். எனக்கு அந்த வேலை ஒத்துவராது.

இன்னொன்று. சாப்பாட்டில் தெரியாமல் கலந்து கொடுக்கிற மருந்து பற்றி அத்தை சொன்னதாகச் சொன்னாய். அதைத் தயவுசெய்து வாங்காதே. டாக்டரிடம் கேட்டேன், அவருக்குக் கோபமே வந்துவிட்டது. குடித்தால் ஒத்துக்கொள்ளாமல் போகிற மாத்திரை நிஜமாகவே இருக்கிறதாம். ஆனால் சாப்பிடுகிறவனுக்குத் தெரிந்து, டாக்டர் சொல்லி, டெஸ்ட் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். தெரியாமல் சாப்பிட்டுவிட்டு மேலே குடித்தால் வாந்தி, படபடப்பு, பிரஷர் இறங்கி உயிருக்கே ஆபத்து. டப்பாவில் வருகிற பொடியில் என்ன இருக்கிறதென்று விற்கிறவனுக்கே தெரியாது.

இப்போது கணக்கு. நாளை திங்கட்கிழமை தொடக்கம். முதல் ரெண்டு வாரம் தினம் ஒரு குவார்ட்டரைத் தாண்டக்கூடாது, சனிக்கிழமையும் ஒன்றுதான். மூணாவது, நாலாவது வாரம் ஒரு நாள் குவார்ட்டர், மறுநாள் கட்டிங். அஞ்சாவது, ஆறாவது வாரம் தினம் கட்டிங் மட்டும். ஏழும் எட்டும் ஒன்றுவிட்டு ஒரு நாள் கட்டிங். அது முடியும்போது ஜனவரி பிறந்துவிடும். அப்புறம் சனிக்கிழமை ஒரு கட்டிங், வாரத்துக்கு அவ்வளவுதான். இங்கே 90 மில்லி பாக்கெட்டாகவே கிடைக்கிறது, அதையே வாங்குவேன். பாட்டில் வாங்கினால் பாதியில் மூடி வைக்கிற சாமர்த்தியம் எனக்கு இல்லை. நடுவில் எந்தப் படியிலாவது நடுக்கமோ வேர்வையோ அதிகமானால் அதற்கு மேல் இறங்காமல் டாக்டரைப் பார்ப்பேன்.

பொங்கலுக்கு ஊரில் இருக்கும் நாட்களில் சொட்டு கிடையாது. காணும் பொங்கலுக்கு மச்சான் வாங்கி வருவார், அவரிடம் நீ முன்கூட்டியே சொல்லிவிடு. நான் சொன்னால் சிரிப்பார்.

சனிக்கிழமையை ஏன் முதலில் வெட்டினேன் என்றால், 30 மில்லியைக் கரைக்க ஈரலுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் வேண்டுமாம். ஒரு குவார்ட்டரில் அப்படி ஆறு. ரெண்டு குவார்ட்டர் என்றால் 12 மணி நேரம். ஆர்டர் நெருக்கும்போது ஞாயிறும் ஓவர்டைம் போடுகிறார்கள், காலை 6 மணிக்கு பிரஸ் மெஷின் முன்னால் நிற்க வேண்டும். தூங்கி எழுந்துவிட்டோம், தெளிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறோம். உடம்பில் இன்னும் மிச்சம் இருக்கிறது. பிரஸ் ஷாப்பில் விரல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

நைட் ஷிப்ட் வாரம்தான் எனக்குக் கஷ்டம். காலையில் ரூமுக்கு வந்து தூக்கத்துக்காகக் குடிப்பது வழக்கமாகிவிட்டது. அது சீக்கிரம் தூங்க வைக்கும், மூணு மணி நேரத்தில் எழுப்பியும் விட்டுவிடும். இனி நைட் வாரத்தில் காலையில் தொடுவதில்லை. அன்றைய அளவைச் சாயங்காலத்துக்கும் தள்ள முடியாது, ஏனென்றால் அப்புறம் வேலைக்குப் போக வேண்டும். ஷிப்ட் முடிந்ததும் மெஸ்ஸில் இட்லி, ரூமில் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி, படுக்கை. ஆனால் ஒரேயடியாக அளவு விழக்கூடாது என்பதால் முதல் நைட் வாரத்துக்கு மட்டும் என்ன செய்வதென்று டாக்டரை மறுபடி பார்த்துக் கேட்டுக்கொள்கிறேன்.

வழியையும் மாற்றுகிறேன். கம்பெனி கேட்டிலிருந்து நடந்து வந்தால் ரெண்டு ஒயின் ஷாப்பைத் தாண்ட வேண்டும், கூட வருகிற அரூர் பையன் வேறு கையைப் பிடித்து இழுப்பான். இனி பீண்யா இண்டஸ்ட்ரி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறி தாசரஹள்ளியில் இறங்கிவிடுவேன். ரெண்டே ஸ்டாப். டிக்கெட் செலவு வீண் என்று திட்டாதே, மேலே போகிற ரயிலிலிருந்து ஒயின் ஷாப்பில் இறங்க முடியாது. குடிக்கிற நாளிலும் சாப்பிட்ட பிறகுதான். வெறும் வயிற்றில் போனால் சட்டென்று ஏறும், அடுத்ததைக் கேட்கும்.

பணம். சைட் டிஷ்ஷோடு சேர்த்து மாசம் 5,000 ரூபாய்க்குக் குறையாமல் போகிறது. இப்போது உனக்கு 12,000 அனுப்புகிறேன். டிசம்பரிலிருந்து 14,000, ஜனவரியிலிருந்து 16,000. சம்பளம் 7ஆம் தேதி விழுகிறது, 8ஆம் தேதி தானாக உன் கணக்குக்குப் போகும்படி பேங்கில் எழுதிக் கொடுக்கப் போகிறேன். கூடுதலாக வருகிற பணத்தை வீட்டுச் செலவில் கரைக்காமல் கயல் பேரில் ஆர்டி போடு. ஓவர்டைம் பணம் வந்தால் அதைப் பற்றிப் பிறகு பேசலாம், எல்லாவற்றையும் இப்போதே ஒத்துக்கொண்டால் நீ நம்ப மாட்டாய்.

நீ செய்ய வேண்டியதும் கொஞ்சம் இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணி "குடிச்சிருக்கீங்களா" என்று கேட்காதே, அதற்கு நான் எப்போதும் இல்லை என்றுதான் சொல்வேன். ஷிப்ட் விட்டு வெளியே வருகிற நேரத்துக்குக் கூப்பிடு. மெட்ரோ ஏறும் வரை பேசு, கயலைப் பேச விடு. தினம் எவ்வளவு என்று நோட்டில் எழுதுவேன், ஞாயிறு காலை அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஒரு நாள் கூடிவிட்டால் கூடினதையே எழுதுவேன். மறுநாள் அந்த வாரத்து அளவுக்கே திரும்புவேன், ஈடுகட்டுகிறேன் என்று பட்டினி கிடக்க மாட்டேன். அதைப் பார்த்துவிட்டு அம்மாவிடம் சொல்லி ஊரைக் கூட்டாதே.

தொடர்ந்து மூணு வாரம் அளவு தாண்டினால் முடிவு உன் கையில். இங்கே நிம்ஹான்ஸ் ஆஸ்பத்திரியில் குடிநோய்க்குத் தனிப் பிரிவே இருக்கிறது. நீ வந்து கூட்டிப் போ, சேரச் சொன்னால் சேர்கிறேன். சம்பளம் போய்விடும் என்று பயப்படாதே. டாக்டர் சர்டிபிகேட் இருந்தால் இஎஸ்ஐயில் வருஷத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் கிடைக்கும்.

முழுசாக எப்போது விடுவீர்கள் என்றுதான் நீ கேட்பாய். ரத்த ரிப்போர்ட் வரட்டும், பொங்கலுக்கு நேரில் உட்கார்ந்து பேசலாம். ஈரல் கெட்டிருக்கிறது என்று வந்தால் பேச்சே வேண்டாம், டாக்டர் சொல்கிறபடி முழுசாக விடுவதுதான்.

பேங்க் பாரத்துக்கு உன் பாஸ்புக் முதல் பக்கம் வேண்டும். நாளைக்கே போட்டோ எடுத்து அனுப்பு. ஐஎஃப்எஸ்சி நம்பர் தெளிவாகத் தெரியட்டும், போன தடவை உன் கட்டைவிரல் மறைத்துவிட்டது.

இப்படிக்கு,
முருகேசன்